முதலில் தனியாக, பிறகு சேர்ந்து

போன வாரம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் பழைய சிப்காட் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை சரியில்லையாம். "ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு கவுன்சலர்கிட்ட உக்கார வெச்சுடலாம்னு பார்க்கிறேன் சார். எதுவானாலும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கட்டும்" என்றார். மீஞ்சூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது என் சொந்தக் கதை என்பதால், மனைவியிடம் படித்துக் காட்டி, அவள் சொன்ன இரண்டு திருத்தங்களையும் போட்ட பிறகே வெளியிடுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை "எதுவானாலும் நேருக்கு நேர்" என்பது எல்லோருக்கும் முதல் படி ஆகாது. சிலருக்கு அது இரண்டாவது படி. முதல் படியைத் தனியாகத்தான் ஏற வேண்டியிருக்கும்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். 2013 நவம்பரில், நல்ல மழைக்காலத்தில், ராத்திரி ஷிப்டில் ஒரு விபத்து நடந்தது. ஸ்க்ராப் நனைந்திருந்தது. நனைந்த ஸ்க்ராப்பைக் காய வைக்காமல் ஃபர்னஸில் போடக் கூடாது. குழாய்த் துண்டுக்குள்ளோ நசுங்கிய டப்பாவுக்குள்ளோ ஒரு கை நீர் இருந்தாலும் போதும். உருகிய இரும்புக்குள் போனதும் அது ஒரே நொடியில் ஆவியாகி வெடித்து, இரும்பை வெளியே வாரி இறைக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு டன் கணக்கு குறைகிறதே என்று "போடுப்பா, பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். ஒரு ஹெல்பருக்கு வலது கண் போய்விட்டது. ஈ.எஸ்.ஐ. மூலம் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. என் பங்குக்கு, யாரிடமும் சொல்லாமல், மாதம் 3,000 ரூபாய் அவருடைய மனைவியின் கணக்குக்கு அனுப்பி வந்தேன்.

2022-ல் என் மனைவி பீரோவைச் சுத்தம் செய்யும்போது பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துவிட்டாள். மாதா மாதம் ஒரு பெண் பெயருக்குப் பணம் போயிருக்கிறது. ஒன்பது வருடமாக! மேலே நான் விளக்க வேண்டியதில்லை. "யாருங்க இது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் "கம்பெனி விஷயம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அதிலிருந்து வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை.

சென்னையில் இருக்கும் மகள்தான் தம்பதியருக்கான ஆலோசனைக்கு நேரம் வாங்கினாள். கவரைப்பேட்டையிலிருந்து இருவரும் ரயிலில் எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம்.

ஆலோசகர் நாற்பது வயது அம்மையார். பேச்சை ஆரம்பிக்கும் முன்பே ஒரு விதியைச் சொன்னார். நடுவில் ஒவ்வொருவரையும் ஒரு தடவை தனியாகப் பார்ப்பார். அங்கே சொல்வதை அவராகப் போய் மற்றவரிடம் சொல்ல மாட்டார். ஆனால் அது மற்றவரைப் பாதிக்கும் விஷயமாக இருந்தால், அதை மனதில் மறைத்து வைத்துக்கொண்டு இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசவும் மாட்டார். சொல்வதற்கு அவகாசம் தருவார். சொல்லாவிட்டால் சேர்ந்த அமர்வு நின்றுவிடும். அப்போது எனக்கு இது கறாராகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், இந்த விதியை முதல் நாளே சொல்லாத ஆலோசகரிடம் ஜோடியாகப் போகவே கூடாது என்று நினைக்கிறேன். ஒருவருடைய ரகசியம் ஆலோசகரிடம் சிக்கிக்கொண்டால், அவரை அறியாமலேயே அவர் ஒரு பக்கத்து ஆளாகிவிடுகிறார். பிறகு அது வெளியே வரும்போது, "அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதா?" என்று மற்றவர் இரண்டு தடவை ஏமாந்து போகிறார்.

முதல் அமர்வு முழுக்க நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன். பணத்தைப் பற்றிக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. மனைவி பக்கத்திலிருந்து பார்த்தால் அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியே இருந்திருக்கும். அடுத்த வாரம் தனியாகப் போனபோது ஃபர்னஸ் கதையைச் சொன்னேன். முழுதாக அல்ல. "நான்தான் போடச் சொன்னேன்" என்ற இடம் வந்ததும் மூச்சு அடைத்தது.

அப்போது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் சாரம். "நாளைக்கே உங்க மனைவி எல்லாத்தையும் மன்னிச்சிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க எழுந்திரிக்கிறது நிக்குமா?" நிற்காது என்று எனக்கே தெரிந்தது. மழை பெய்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். வீட்டில் குக்கர் வால்வு திடீரென்று சத்தம் போட்டால் கை நடுங்கும். இதற்கும் என் மனைவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் உலகத்திலேயே நல்ல மனைவியாக இருந்தாலும் இருக்கும் பிரச்சினை இது. அப்படிப்பட்டதைச் சேர்ந்த அமர்வுக்குக் கொண்டு போனால், கிடைக்கும் ஒரு மணி நேரமும் என் நடுக்கத்துக்கே சரியாகிவிடும். பக்கத்தில் ஒன்பது வருடம் ஏமாந்த மனுஷி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது மறந்து போகும். இல்லையென்றால் என் நடுக்கத்தைப் பார்த்து அவளே தன் கோபத்தை விழுங்கிக்கொள்வாள். இரண்டுமே அவளுக்கு அநியாயம்.

என் தனி ஆலோசனையை அவரே எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். ஜோடியாகப் பார்ப்பவரும் தனியாகப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், மற்றவர் திரும்பி வரும்போது "இவர் அவருடைய ஆள்" என்ற எண்ணம் வந்துவிடும் என்றார். ஒரு சின்ன விஷயம்: "கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை.

வாரம் ஒன்றாக ஆறு அமர்வுகள். இரண்டை போனில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தனியாகப் பேச வேண்டும் என்பார்கள், ஆனால் நம் வீடுகளில் தனி இடம் எங்கே இருக்கிறது? ஹாலில் பேசினால் சமையலறைக்குக் கேட்கும், மொட்டை மாடியில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கடைசியில் கவரைப்பேட்டை ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கோடியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன். எக்ஸ்பிரஸ் கடந்து போகும்போது மட்டும் இருவரும் நிறுத்திக்கொள்வோம்.

அந்த ஆறு வாரத்தில் நடந்ததில் முக்கியமானவை இரண்டு. அன்றைய ராத்திரியை, ஷிப்ட் ஆரம்பித்ததிலிருந்து ஆம்புலன்ஸ் போனது வரை, திரும்பத் திரும்ப வரிசையாகச் சொல்ல வைத்தார்கள். முதலில் இடையிடையே விட்டுவிட்டுச் சொன்னேன். ஐந்தாவது முறை விடாமல் சொல்ல முடிந்தது. பிறகு, மனைவியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள். என் முதல் எழுத்தில் மழை இருந்தது, டன் கணக்கு இருந்தது, மேலிருந்து வந்த நெருக்கடி இருந்தது, நான் இல்லை. மூன்றாவது தடவைதான் "நான் தப்பாக ஒரு உத்தரவு போட்டேன், ஒருத்தருக்குக் கண் போச்சு, உன்கிட்ட மறைச்சேன்" என்று வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தனி ஆலோசனை சுகமாக இருக்கும். நம் கட்சியை மட்டும் கேட்க ஒருவர் இருக்கிறார். மறுத்துப் பேச எதிரே ஆள் இல்லை. நாலாவது வாரம் எனக்கே "இப்படியே போகட்டுமே, அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று தோன்றியது. அமர்வுக்குப் போய் வந்ததும் வீட்டில் பேச்சு இன்னும் குறைகிறது, குறையெல்லாம் மனைவியைப் பற்றியதாகவே இருக்கிறது என்றால், தனி அறை ஒளிந்துகொள்ளும் அறையாக மாறிவிட்டது என்று அர்த்தம். அதனால் போகும்போதே கெடு வைத்துக்கொள்வது நல்லது. நான் மனைவியிடம், "எனக்கு ஒரு பழைய விஷயம் இருக்கு, ஆறு வாரம் தனியா போயிட்டு வந்து உன்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. தனியாகப் போகிறேன் என்பதை மறைக்கவும் இல்லை.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே வரிசை என்று நான் சொல்லவில்லை. மாமியார் வீட்டுக்கு எத்தனை நாள், சம்பளம் யார் கையில் என்பது போல இருவருக்கும் நடுவில் மட்டுமே இருக்கும் சண்டைக்குத் தனியாகப் போய் ஆறு வாரம் வீணாக்க வேண்டாம். நேரே ஜோடியாகப் போகலாம். ஆனால் அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் சேர்ந்து உட்கார வைப்பது ஆபத்து. அங்கே வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் வந்து அடி விழும். அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது 181 எண்ணும் பாதுகாப்பும்தான். நண்பர் தன் மகனையும் மருமகளையும் ஒன்றாக அழைத்துப் போகும் முன், இருவரையும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: "அவங்க ரூமை விட்டு வெளியே போயிட்டா, நீ சொல்றது மாறுமா?" மாறும் என்றால் அந்தப் பிள்ளைக்கு முதலில் தனி இடம் வேண்டும். ஏன் மாறும் என்று நண்பர் தோண்ட வேண்டாம்.

சென்னைக்குப் போக வசதியில்லாதவர்கள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மனநலச் சிகிச்சையில் சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

ஏழாவது வாரம் அதே அறையில், மனைவி பக்கத்தில் இருக்க, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. வேறு பெண் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி அடைவாள் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. "ஒன்பது வருஷம் பக்கத்துல படுத்திருந்தேனே, என்னை அவ்வளவுதான் நினைச்சீங்களா?" என்றாள். அந்தக் கேள்விக்கு எந்தத் தனி அமர்விலும் பதில் கிடைத்திருக்காது. அதைப் பேசி முடிக்கச் சேர்ந்து இன்னும் ஐந்து அமர்வு போனோம். அந்த ஐந்திலும் பேசியது பெரும்பாலும் அவள்தான்.

இப்போது மாதம் 5-ம் தேதி அந்த வீட்டுக்குப் பணம் அனுப்புவது என் மனைவி. போன மாதம் பாஸ்புக்கைப் புரட்டியபோது பார்த்தேன், 3,500 என்று இருந்தது. என்னிடம் சொல்லவில்லை.