மேல்காதுக்கு ஒரு வருடக் கணக்கு

“இப்போது மேல்காது குத்தினால் தீபாவளிக்குள் ஆறிவிடுமா?” ஆண்டுதோறும் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நேயர்களிடமிருந்து வரும் கேள்வி இது. பதில் ஒரே சொல்தான்: ஆறாது. ஆறியதுபோலத் தெரியும், அவ்வளவுதான். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மேல்காது குத்துவது நமக்கொன்றும் புதிதல்ல. நம் பாட்டிமார் கொப்பும் முருகும் போட்டது அங்கேதான். இன்றைய பிள்ளைகள் சின்னக் கல் வைத்துப் போடுகிறார்கள். இடம் மாறவில்லை. ஆனால் தோடு போடும் கீழ்ச்சதையைக் குத்துவதுபோலத்தான் இதுவும் என்று நினைத்துக் கடைக்குப் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கீழ்ச்சதை வெறும் தோலும் கொழுப்பும். அதில் ரத்த ஓட்டம் நிறைய. அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மேல்காதின் உள்ளே இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய்களே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசிந்து வரும் சத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. காயத்தை ஆற்றவும் கிருமியை எதிர்க்கவும் வேண்டிய அணுக்கள் ரத்தத்தில்தானே வரவேண்டும்? இங்கே அவை சுற்றுவழியில், மெதுவாக வருகின்றன. அதனால்தான் 6 முதல் 12 மாதம் ஆகிறது. துளையின் இரண்டு வாயிலும் தோல் முதலில் மூடிக்கொள்ளும். வலி போய்விடும். நடுவில் உள்ள பாதை மட்டும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். ஏழாவது வாரத்தில் “எல்லாம் சரியாகிவிட்டது” என்று நினைக்க வைப்பது இந்த வெளித்தோல்தான்.

என் சக அறிவிப்பாளர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது 28. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் குத்திக்கொண்டார். துப்பாக்கி வைத்து அடிக்கும் கடைக்குப் போகவில்லை. அந்தத் துப்பாக்கி, முனை மழுங்கிய தோட்டை விசையால் காதுக்குள் தள்ளுகிறது. கீழ்ச்சதை அதைத் தாங்கிவிடும்; குருத்தெலும்பு நசுங்கும். துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்களை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. இவர் போன இடத்தில் உறை பிரித்து எடுத்த, ஒரே முறை பயன்படுத்தும் உட்துளை ஊசியால் குத்தினார்கள். 8 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியத் தண்டு ஒன்றைப் போட்டார்கள். காது தடிமனைவிட அது நீளம். குத்தியவுடன் காது வீங்கும் என்பதால் அந்த இடம் வேண்டும். “வீக்கம் வற்றியதும், 6 வாரம் கழித்து வாருங்கள், தண்டைச் சின்னதாக மாற்றவேண்டும்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு வாரம் ஆனது. வலியில்லை, வீக்கமில்லை. வேலை மும்முரத்தில் அவர் போகவில்லை.

இப்போது எங்கள் தொழிலை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஹெட்போன் காதை அழுத்துகிறது. வீக்கம் வற்றியபின் தண்டு காதுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஹெட்போனை மாட்டும்போதும் தண்டு ஒரு பக்கம் சாய்கிறது. இரவில் அதே பக்கம் படுத்தால் தலையணையும் அதையே செய்கிறது. மூன்றாவது மாதம் துளையின் பின்பக்கம் மிளகு அளவுக்குச் சிவந்த ஒரு கட்டி வந்தது.

அவருடைய அம்மா பார்த்தவுடன் சொன்னார், “சுத்தத் தங்கம் போடாமல் ஏதோ இரும்பைப் போட்டால் இப்படித்தான்.” வீட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். கட்டி இன்னும் பெரிதாயிற்று. எண்ணெய் துளை வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து கசியும் நீர் வெளியேற முடியாது. டெட்டால், ஸ்பிரிட் போன்றவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் அணுக்களையும் கொல்லும். காயத்துக்கு வேண்டியது மருந்தகத்தில் கிடைக்கும், 0.9 விழுக்காடு உப்புள்ள கிருமி நீக்கிய உப்புநீர்த் தெளிப்பு மட்டும்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை, முன்னும் பின்னும் அடித்து, பஞ்சு நூல் ஒட்டாத காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும். தண்டைத் திருக வேண்டாம். காய்ந்த பொருக்கு உள்ளே போய்ப் புண்ணைக் கீறும்.

கடைசியில் அவர் குத்திய இடத்துக்கே போனார். மருந்து எதுவும் தரவில்லை. தண்டை 6 மில்லிமீட்டராக மாற்றினார்கள். அந்தப் பக்க ஹெட்போனைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். நடுவில் துளையுள்ள தலையணையில் படுக்கச் சொன்னார்கள். ஒன்றரை மாதத்தில் கட்டி அமுங்கிவிட்டது. காரணத்தை எடுத்தால் போய்விடுவதுதான் உராய்வுக் கட்டியின் அடையாளம். துளையின் எல்லையைத் தாண்டிப் பரவி, கெட்டியாக, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் அது கெலாய்டு. நம் நிறத்தவருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பழைய தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், மேல்காது குத்தும் யோசனையை முதலில் தோல் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

சரி, அம்மா சொன்ன தங்கம்? அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். நாம் வாங்கும் 916 தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சுத்தம் கூடக்கூடத் தங்கம் மென்மையாகும். மென்மையான தண்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்தக் கீறல்களில் கிருமி தங்கும், பச்சைப் புண்ணும் உராயும். இன்னொன்று நம் திருகாணி. மரை, காதுக்குள் போகும் தண்டின் மேலேயே வெட்டப்பட்டிருக்கும். ஆறாத துளைக்குள் அதை நுழைப்பது சின்ன அரத்தை இழுப்பதுபோல. ஆறிய காதில் இது ஒன்றும் செய்யாது, நாம் எல்லாரும் போட்டவர்கள்தாம். ஆறாத காதுக்கு மட்டும் இது ஆகாது. தங்கம்தான் வேண்டும் என்றால் நிக்கல் கலக்காத 14 அல்லது 18 காரட், நன்றாக மெருகேற்றியது சரி. வெள்ளித் தண்டு வேண்டாம். அது புண்ணில் கறுத்து, தோலிலும் கறை விடும்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று எழுதியிருக்கும் தோடு? பெயர் மருத்துவமனைபோல இருந்தாலும், பெரும்பாலும் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருக்கும். நல்ல எஃகு அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும், மலிவானது விட்டுவிடும். நிக்கல் ஒவ்வாமை பலருக்கு முதன்முதலில் தொடங்குவதே காது குத்திய காலத்தில்தான். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு கைக்கடிகாரமும் இடுப்புப் பட்டைக் கொக்கியும்கூட அரிக்கும். துளையைச் சுற்றி வட்டமாகச் சிவந்து, வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, நீர் கசிந்துகொண்டே இருந்தால் உலோகத்தைச் சந்தேகியுங்கள்.

அதனால்தான் முதல் தண்டுக்கு டைட்டானியம். அதிலும் உடலுக்குள் எலும்போடு பொருத்தும் தரம். அதன் பெயர் ஏ.எஸ்.டி.எம். எஃப் 136. கடையில் “டைட்டானியமா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “எஃப் 136 தானா, உலோகச் சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேளுங்கள். காந்தத்தை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. நல்ல எஃகும் காந்தத்தில் ஒட்டாது. மரை தண்டின் உட்பக்கம் இருக்கிறதா, அல்லது மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகையா என்றும் பாருங்கள். முதல் நகை நேரான தண்டாக இருக்கட்டும். வளையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதை ஆறியபின் போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை பொறுமையால் தீரும் தொல்லைகள். ஒன்று மட்டும் பொறுக்கக் கூடாதது. குருத்தெலும்பில் கிருமி புகுந்தால் பெரும்பாலும் அது சூடோமோனாஸ். தண்ணீரில் வாழும் கிருமி. நீச்சல் குளமும் கடலும் ஆறும்வரை வேண்டாம் என்பது இதனால்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஒரு நகைக் கடையில் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. ஏழு பேரும் மேல்காது குத்தியவர்கள். 4 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கிருமி இருந்த இடம் எது தெரியுமா? கடையில் திரும்பத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்திய கிருமிநாசினிப் போத்தல்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பும், வெளிர்மஞ்சள் பொருக்கும் சாதாரணம். மேல்காது முழுக்கச் சிவந்து, கொதித்து, வீங்கி, தொட்டாலே உயிர் போகிறது. ஆனால் கீழ்ச்சதை மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கிறது என்றால், தொற்று குருத்தெலும்பில் இருக்கிறது என்று அர்த்தம். கீழ்ச்சதையில் குருத்தெலும்பு இல்லையே! அன்றைக்கே கிளினிக் போங்கள். தாமதித்தால் சீழ் உறையைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்துவிடும். சத்து கிடைக்காத குருத்தெலும்பு செத்து, காது சுருங்கிப்போகும். பிறகு பழைய வடிவம் தானாகத் திரும்பாது.

மருத்துவரிடம் “காது குத்தினேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மேல்காதில், குருத்தெலும்பைக் குத்தினேன்” என்று சொல்லுங்கள். சாதாரணத் தோல் புண்ணுக்குத் தரும் ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு இந்தக் கிருமி அசையாது. வேறு மருந்து வேண்டும். தண்டை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே சிக்கும். கழற்றுவதா வைப்பதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆக, நாட்காட்டியில் இரண்டு நாளைக் குறித்துக்கொண்டு குத்துங்கள். ஒன்று, ஆறாவது வாரம், தண்டை மாற்ற. இன்னொன்று, பன்னிரண்டாவது மாதம், பிடித்த நகையைப் போட. தை மாதக் கல்யாணத்துக்கு மேல்காதில் நகை போட்டு நிற்க ஆசையா? முந்தைய தையிலேயே குத்திவிடுங்கள். இந்தத் தீபாவளிக்கு அழுத்திப் போடும் கிளிப் நகைகள் கடையில் அழகழகாக இருக்கின்றன.