பெட்டியோடு எதிர் பிளாட்பாரம் போக எது சுலபம்?

ரயில் வர 15 நிமிடங்கள் இருந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி. மகன் கையில் 20 கிலோ சூட்கேஸும், அரிசியும் ஊறுகாயும் அடைத்த கட்டைப்பையும். வண்டி வருவதோ 3-வது பிளாட்பாரம்.

"படியெல்லாம் ஏற முடியாதுடா. எல்லாரும் குறுக்கேதானே போறாங்க..." தண்டவாளத்தைக் காட்டினார் அம்மா.

பார்வைக்கு அதுதான் பக்கம். ஆனால், பெட்டியோடு போகும்போது கணக்கு மாறிவிடும். பிளாட்பாரம் தண்டவாளத்தைவிடச் சுமார் 80 செ.மீ. உயரம். இந்தப் பக்கம் பெட்டியை இறக்கி, அந்தப் பக்கம் இடுப்பளவுக்குத் தூக்கி வைத்து, பிறகு தானும் ஏற வேண்டும். நடுவில் ஜல்லி, சூட்கேஸ் சக்கரம் உருளாது.

100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். அரை கிலோமீட்டர் தள்ளித் தெரியும் வண்டி 18 நொடியில் வந்துவிடும். அதற்குள் அம்மா ஒரு தண்டவாளத்தைத் தாண்டுவதே கஷ்டம். முதல் தடத்தில் சரக்கு ரயில் நின்றால், இரண்டாவது தடத்தில் வரும் வண்டி கண்ணில் படவே படாது. இப்படிக் கடப்பது ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றமும்கூட. 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

மிச்சம் இருப்பவை மேம்பாலமும் சுரங்கப்பாதையும். பாலம் எதிரிலேயே இருந்தது; 40 படிகள். சுரங்கப்பாதை 150 மீட்டர் தள்ளி, 26 படிகள்தான். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. தலைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பிக்கும் மேலே பாலம் எழும்ப வேண்டும். சுரங்கத்துக்கு ஆள் நடக்கும் உயரம் இருந்தால் போதும்.

மகன் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தான். சக்கரப் பெட்டிக்குச் சமதளத்தில் 150 மீட்டர் பெரிய விஷயமில்லை, படிதான் பாரம். மழை நாளாக இருந்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்திருப்பான். சக்கரம் இல்லாத பை மட்டும் என்றால், பக்கத்திலிருக்கும் பாலமே மேல்.

படியில் அவன் இரண்டையும் சேர்த்துத் தூக்கவில்லை. படிக்கட்டின் நடுவே உள்ள திருப்பத்தில் அம்மாவை நிற்க வைத்தான். அங்கிருந்து மேலே உள்ள பையும் கீழே உள்ள பெட்டியும் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாக இறக்கினான், மறுபக்கமும் அப்படியே ஏற்றினான். அம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிதானமாக வந்தார்.

3-வது பிளாட்பாரத்தை அடைந்தபோது, வண்டி வர இன்னும் 4 நிமிடம் இருந்தது.

"அடுத்த தடவை லிஃப்ட் எங்கேன்னு முதல்லயே கேட்டுக்கடா" என்றார் அம்மா, முழங்காலைத் தடவியபடி.

கேட்க வேண்டியதுதான். லிஃப்ட் பெரும்பாலும் ஒரு பாலத்தில் மட்டும், ஒரு மூலையில் இருக்கும். அங்கே வரிசையும் நிற்கும். அதற்குக் கூடுதலாக 10 நிமிடம் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், முழங்காலுக்கும் வேலையில்லை, தண்டவாளத்துக்கும் வேலையில்லை.