கவுன்டரில் கொடுத்த பார்சலுக்கு யார் பொறுப்பு?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

இணையத்தில் வாங்கும் பொருள் எங்கள் ஊரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்பப் போனால்தான், ‘உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்புங்கள்’ என்கிறது செயலி. முகவரியைப் பதிந்தபோதே அதற்குப் பின்கோடு தெரியும். ஆனாலும் பணம் கட்டும் முன் சொல்வதில்லை.

என் அக்கா வாங்கிய மிக்சியின் ஜார் விரிசலோடு வந்தது. பஸ் ஏறி டவுனுக்குப் போய்க் கூரியர் அலுவலகத்தில் வைத்தோம். தராசு 4 கிலோ காட்டியது. பிறகு டேப்பால் பெட்டியை அளந்தார்கள்: நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 6. ஆகவே 6 கிலோவுக்குக் கட்டணம். அதில் தவறில்லை, வண்டியில் இடத்தை அடைக்கும் பெட்டிக்குக் கூரியரில் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் விற்ற நிறுவனம், தான் நிர்ணயித்த உச்சவரம்புக்கு மேல் கூரியர் செலவைத் தர மறுத்தது. மீதி அக்காவின் கைக்காசு.

அதைவிடப் பெரிய சிக்கல் ரசீதில் இருந்தது. கட்டணத்துக்கான 6 கிலோவை மட்டும் அதில் போட்டிருந்தார்கள். விற்ற நிறுவனத்தின் கிடங்கில் நிறுத்துப் பார்த்தவர்கள், ‘பெட்டியில் 4 கிலோதான் இருக்கிறது, ஏதோ குறைகிறது’ என்று பணத்தை நிறுத்தி வைத்தார்கள். தராசில் பெட்டி இருக்கும்போது அக்காவின் மகள் எண் தெரியும்படி எடுத்திருந்த போட்டோதான் எங்களைக் காப்பாற்றியது. போட்டோ எடுக்கத் தோன்றாதவர்கள் எதைக் காட்டி வாதாடுவார்கள்?

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. திருப்பி அனுப்பும் செலவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கின்றன. முழு விலையையும் முதலிலேயே காட்டாமல் வாங்க வைப்பதை உங்கள் ஆணையமே 2023-இல் தடை செய்தது. அந்த வரிசையில் இதையும் சேருங்கள். பிக்கப் இல்லாத பின்கோடு என்றால், ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே அதையும் செலவுக்கான உச்சவரம்பையும் காட்ட வேண்டும். பொருளிலேயே குறை என்றால் உச்சவரம்பே கூடாது.

கூரியர் ரசீதில் தராசு எடை, கட்டண எடை இரண்டும் இருக்க வேண்டும். அந்த ரசீது கைக்கு வந்ததுமே வாடிக்கையாளரின் பொறுப்பு முடிந்ததாகக் கொள்ள வேண்டும். வழியில் தொலைந்தாலும், கிடங்கில் வரவு வைக்கத் தாமதித்தாலும் அது விற்றவருக்கும் கூரியருக்கும் உள்ள வழக்கு. திருப்பி அனுப்பக் கொடுத்த 7 நாளோ 10 நாளோ, அந்தக் கெடுவையும் ரசீதுத் தேதியை வைத்தே கணக்கிட வேண்டும், கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த தேதியை வைத்தல்ல.

இவற்றையெல்லாம் வழிகாட்டுதலாக வெளியிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு வரும் புகார்களையும் அதன்படியே தீர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிக்கப் இல்லாத பின்கோடிலிருந்து ஒரு நுகர்வோர்