பிரீமியக் கணக்கு ஏற்காத செலவுகள்

பொதுமக்களுக்குப் பங்கு வெளியிடும் காலத்தில் ஒரு கம்பெனி செலவிட்ட பணம் எதுவாயினும், அதனைப் பிரீமியக் கணக்கில் போக்கெழுதிவிடலாம், லாப நஷ்டக் கணக்கை அது தீண்ட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை, கணக்கு எழுதுவோரிடையே மட்டுமன்றி, நிர்வாக சபைகளில் அமர்ந்திருக்கும் அனுபவஸ்தர்களிடையேயும் வேரூன்றி நிற்கிறது. பங்கு வெளியீட்டின் செலவையும் அதற்கென அளித்த கமிஷனையும் அக்கணக்கில் போக்கெழுத 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 52ஆம் பிரிவில், அனுமதிக்கிறது என்பதே அவர்கள் காட்டும் ஆதாரம். அனுமதி மெய்யே, அதற்கு அவர்கள் கொள்ளும் அர்த்தம் பிழை. சட்டம் குறிப்பது வெளியீட்டுக்கான செலவையே, வெளியீடு நடந்த காலத்துச் செலவையன்று.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை இந்தியக் கணக்கியல் தரநிலை 32 கூறுகிறது. புதிய பங்குகளை வெளியிடும் காரியத்தோடு ஒரு செலவு நேராகச் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அக்காரியம் இல்லாதிருந்தால் அச்செலவு நேர்ந்தே இராது என்றும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே பொருந்தினாலன்றி அது மூலதனத்தில் கழிக்கத் தக்கதாகாது.

ஒரு கற்பிதக் கணக்கைப் பார்ப்போம். ஒன்றரைக் கோடிப் பங்குகளை ஏற்கெனவே உடைய ஒரு கம்பெனி, 10 ரூபாய் முகமதிப்புள்ள 50 லட்சம் புதிய பங்குகளைத் தலா 100 ரூபாய்க்கு வெளியிட்டு, பழையவை புதியவை ஆகிய இரண்டு கோடிப் பங்குகளையும் பங்குச் சந்தையில் பட்டியலிடச் செய்கிறது. வந்த 50 கோடியில் 45 கோடி பிரீமியம். செலவோ 2 கோடியே 30 லட்சம். முழுவதையும் பிரீமியத்தில் கழிக்கும்படி நிதி அதிகாரி குறிப்பெழுதுகிறார். அதில் ஒப்புறுதியாளர்களுக்கு இரண்டு சதவீத வீதத்தில் கொடுத்த கமிஷன் ஒரு கோடி. அது புதிய பங்குகள் விலைபோவதற்கென்றே தரப்பட்டது. சட்டவிதி அனுமதிக்கும் ஐந்து சதவீத வரம்புக்குள்ளும் அடங்கியது. ஆகவே முழுவதும் பிரீமியத்தைச் சேரும். அடுத்தது, தகவலறிக்கை தயாரித்தல், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோருக்கான 80 லட்சம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். அந்தத் தகவலறிக்கை புதிய பங்குகளுக்கு மட்டும் உழைக்கவில்லை; பழைய பங்குகளும் சந்தைக்கு வர அதுவே வாயில். பழைய பங்குகளைப் பட்டியலிடுவதால் கம்பெனிக்கு ஒரு காசு மூலதனமும் வருவதில்லை. எனவே அது மூலதனப் பரிவர்த்தனையே அன்று. இரண்டுக்கும் பொதுவான செலவை நியாயமான அடிப்படையில் பங்கிடச் சொல்கிறது தரநிலை. பங்குகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டால் நான்கில் ஒரு பாகமாகிய 20 லட்சமே பிரீமியத்தில் கழியும். எஞ்சிய 60 லட்சம் அவ்வாண்டின் செலவு. வெளியீட்டு வேலையில் ஈடுபட்டிருந்த நிரந்தர ஊழியர்களின் சம்பளம் 20 லட்சம், வெளியீடு இல்லாவிடினும் கொடுத்தே தீர வேண்டியது. கம்பெனியின் சரக்கைப் பறைசாற்றிய விளம்பரத்துக்கான 30 லட்சமோ வியாபாரச் செலவு. ஆக, பிரீமியத்தில் கழியத் தக்கது 1 கோடியே 20 லட்சம். லாப நஷ்டக் கணக்குக்கு உரியது 1 கோடியே 10 லட்சம்.

‘எந்தக் கணக்கில் எழுதினாலும் கம்பெனியின் நிகர மதிப்பு அதே அளவுதானே குறைகிறது?’ என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. மொத்தத்தில் குறைவு ஒன்றே என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பிரீமியம் என்பது பங்குதாரர் கொணர்ந்த முதல். அனுமதிக்கப்பட்ட காரியங்களுக்கன்றி அதைக் குறைப்பதை, செலுத்தப்பட்ட பங்கு முதலைக் குறைப்பதற்குச் சமமாகவே அதே 52ஆம் பிரிவு கருதுகிறது. அதிலிருந்து லாபப் பங்கு வழங்க இயலாது, லாபத்திலிருந்து வழங்கலாம். ஆகவே அந்த 1 கோடியே 10 லட்சத்தை லாப நஷ்டக் கணக்கிலிருந்து மறைத்தால், லாபம் அவ்வளவுக்கு உப்பி, பகிர்ந்தளிக்கத் தகாத முதல் பகிர்ந்தளிக்கத் தக்க லாபமாக வேஷம் பூண்டு வெளியேற வழி பிறக்கிறது. இதனை நான் அற்ப விஷயமாகக் கருதவில்லை.

கடனீட்டுப் பத்திரங்களின் வெளியீட்டுச் செலவையும் பூர்வாங்கச் செலவையும் பற்றிய பழைய சலுகை இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு இன்று இல்லை. 52ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சாதாரணப் பங்குகளின் வெளியீட்டுச் செலவை மட்டுமே குறிப்பிடுகிறது. கடனீட்டுப் பத்திரச் செலவு, கடன் தொகையில் கழிக்கப்பட்டு, கடனின் ஆயுட்காலம் முழுவதும் வட்டியோடு சேர்ந்து செலவாகும்.

எல்லாச் செலவையும் பிரீமியத்தில் கழிக்கலாம் என்ற நம்பிக்கையின் விபரீதம் முற்றிலும் வெளிப்படுவது, வெளியீடு கைவிடப்படும்போது. பங்கு வெளிவருமுன் நேர்ந்த செலவு, வெளியீடு நடைபெறும் என்ற எதிர்பார்ப்பில், இருப்புநிலைக் குறிப்பில் ஒரு சொத்தாக நிற்பது நியாயமே. சந்தை சரிந்து முயற்சி நின்றபின், கழிப்பதற்குப் பங்குமில்லை, பிரீமியமுமில்லை. கைவிட்ட காலத்திலேயே அது முழுவதும் லாப நஷ்டக் கணக்கில் இறங்கியாக வேண்டும். ஆனால், ‘அடுத்த ஆண்டு வெளியிடுவோம், அப்போது கழித்துக்கொள்வோம்’ என்று அதைத் தாங்கியே வருகிறார்கள். ‘இதர நடப்புச் சொத்துக்கள்’ என்ற தலைப்பின்கீழ் வெளியீட்டுச் செலவு என்றொரு தொகை ஓராண்டு கடந்தும் குறையாமல் கிடப்பதைக் காணும் தணிக்கையாளர், வெளியீட்டை மீண்டும் தொடங்கும் நிர்வாக சபைத் தீர்மானம் எந்தத் தேதியிட்டது என்று கேட்டு, அதைக் கண்ணால் கண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.