எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியேல்ல

போன ஜனவரியில் டொராண்டோ ஐஸில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எமர்ஜென்சியில் நாலு மணித்தியாலம் இருந்து எக்ஸ்ரே எடுத்தேன். "முறிவு இல்லை, சுளுக்குத்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் குளிசை போட்டுக்கொண்டு கோட் அடிச்சேன். ஐந்து கிழமையாகியும் நோ குறையவில்லை. குடும்ப டொக்டர் பெருவிரலை விரித்துப் பிடிக்கச் சொன்னார். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். முந்தி மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடமாம். அதில் அழுத்தினார், கத்திட்டன்.

அந்தக் குழிக்குள் இருப்பது ஸ்கஃபாய்ட், ஒரு கஜு அளவு எலும்பு. புது எக்ஸ்ரேயில் அதன் நடுவே கோடு தெளிவாகத் தெரிந்தது.

அப்ப முதல் படத்தில் ஏன் தெரியவில்லை? எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். மயிரிழை வெடிப்பு என்றால், கதிர் அந்த வெடிப்பின் வழியே நேராகப் போனால்தான் கோடு விழும். கொஞ்சம் சரிந்தால் நல்ல எலும்பின் நிழல் அதை மூடிவிடும். ஸ்கஃபாய்ட் சாய்ந்து கிடக்கும் எலும்பு. அதனால் மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் திருப்பி, தனிக் கோணங்களில் படம் எடுக்க வேண்டும். என் படிவத்தில் இருந்தது "விழுந்தார், மணிக்கட்டு நோ" மட்டும்தான். எந்த இடத்தில் நோ என்று எழுதாததால் வழமையான படங்கள்தான் எடுத்தார்கள்.

சரியான கோணத்தில் எடுத்தாலும் சிலவேளை முதல் நாள் தெரியாது. துண்டுகள் விலகாவிட்டால் இடைவெளியே இல்லை. பிறகு உடம்பு வெடிப்பின் ஓரத்து எலும்பைக் கரைக்கத் தொடங்கும், கோடு அகலும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கையைக் கட்டி வைத்து, 10 முதல் 14 நாளில் திரும்பப் படம் எடுப்பார்கள். எம்ஆர்ஐ என்றால் எலும்புக்குள் இருக்கும் வீக்கத்தை அதற்கு முதலே காட்டும்.

டெவலப்பர் பாஷையில் சொன்னால், `null` வந்ததை `false` என்று வாசித்துவிட்டார்கள். படம் பார்த்தவரில் எனக்குக் கோபம் இல்லை, அதில் கோடு இல்லைத்தான். என் கோபம் வீட்டுக்குத் தந்த தாளில்தான். "இப்ப தெரியவில்லை, நோ இருந்தால் இரண்டு கிழமையில் வாருங்கள்" என்று ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும்.

ஏனெண்டால் இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்தால் நுழைந்து, முழங்கைப் பக்கம் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்துண்டுக்கு இரத்தம் குறையும். அது பொருந்தாமல் போகலாம், செத்தும் போகலாம். பிந்தினால் அந்த ஆபத்து கூடும்.

எனக்கு 11 கிழமை பிளாஸ்டர். கொன்ட்ராக்ட் வேலையில் சிக் லீவும் இல்லை. இடக்கையால் டைப் பண்ணினதுக்கு பில் போட்டது பாதி மணித்தியாலம்தான்.