"கவனக்குறைவு" என்று எழுதுவதை நிறுத்துங்கள்

பதிவு நீளம்தான். வீட்டில் +2 படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். உங்களில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் சண்டையே உங்களோடுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் போட வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் விடைத்தாள்களில் தொகையிடல் கணக்கு தப்பான இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: "கவனக்குறைவு". அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். "எல்லாம் தெரியுது சார், கவனம்தான் இல்ல. போனைப் பிடுங்கி வெச்சிட்டேன்."

கவனக்குறைவு என்றால் என்ன? வினாத்தாளில் 6 என்று இருப்பதை 0 என்று பார்த்து எழுதுவது கவனக்குறைவு. அது இன்று ஓரிடத்தில் வரும், நாளை வேறிடத்தில் வரும். ஒரே பிள்ளை, ஒரே வகைக் கணக்கில், ஒரே வரியில், ஒவ்வொரு தேர்விலும் தப்பு செய்தால் அதற்குக் காரணம் உண்டு. பிள்ளை எதையோ தவறாக நம்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு நாம் ஒட்டும் லேபிள்தான் "கவனக்குறைவு".

என் பழைய மாணவர் ஒருவரின் மகளுக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் விடைத்தாளில் நான்கு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. "நான் கணக்குக்கு லாயக்கில்ல தாத்தா, காலேஜ்ல கணக்கு இல்லாத குரூப்பா எடுத்துக்கறேன்" என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். அவள் அனுமதியோடு அந்தக் கடிதத்தைக் கீழே தருகிறேன்.

---

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தேன். நீ தொகை கண்ட வரிகளில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. மற்ற மூன்றிலும் தொகை சரி, எண்களைப் போடும்போதுதான் சறுக்கியிருக்கிறாய். நான்கும் நான்கு விதம்.

முதலாவது, கீழ் எல்லையின் அடைப்புக்குறி.

∫ (3x² − 2x) dx, கீழ் எல்லை −1, மேல் எல்லை 2. தொகை x³ − x² என்று சரியாகக் கண்டிருக்கிறாய். மேல் எல்லையில் 8 − 4 = 4. கீழ் எல்லையில் −1 − 1 = −2. மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் 4 − (−2) = 6. நீ அடைப்புக்குறி போடாமல் 8 − 4 + 1 − 1 என்று ஒரே மூச்சில் எழுதி 4 என்று முடித்துவிட்டாய். வெளியே நிற்கும் கழித்தல் குறி முதல் உறுப்பை மட்டும் தொட்டது, இரண்டாவதைத் தொடவே இல்லை. இது தொகையிடல் தப்பே இல்லை, ஏழாம் வகுப்பு அடைப்புக்குறித் தப்பு. இனிமேல் கீழ் எல்லை மதிப்பைத் தனி வரியில் முழுதாகக் கண்டுபிடி, ஒற்றை எண்ணாக்கு, அதற்குப் பிறகு கழி. ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, sin x-இன் தொகையும் பூஜ்ஜியமும்.

sin x-ஐத் தொகையிட்டால் −cos x. நீ cos x என்று எழுதுகிறாய். cos x-ஐ வகையிட்டால் −sin x வரும், எனவே தொகையிடும்போது அந்தக் கழித்தல் குறியை ஈடுகட்ட வேண்டும். எழுதிய விடையை மனத்துக்குள் திரும்ப வகையிட்டுப் பார், மூன்று விநாடியில் தெரிந்துவிடும்.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கீழ் எல்லை 0 என்றால் "பூஜ்ஜியம் போட்டால் பூஜ்ஜியம்" என்று அந்தப் பகுதியையே விட்டுவிடுகிறாய். x³ போன்றவற்றுக்கு அது சரி. ஆனால் cos 0 = 1, e⁰ = 1. 0-விலிருந்து π/2 வரை sin x-இன் தொகை 0 − (−1) = 1. கீழ் எல்லையை விட்டால் விடை 0 ஆகிவிடும். அந்த இடைவெளி முழுவதும் sin x அச்சுக்கு மேலேதானே இருக்கிறது, தொகை எப்படிப் பூஜ்ஜியம் ஆகும்?

மூன்றாவது, பிரதியிட்ட பிறகு பழைய எல்லை.

∫ cos²x sin x dx, 0-விலிருந்து π/2 வரை. u = cos x என்று எடுத்தாய், நல்லது. அப்போது du = −sin x dx. x = 0 எனும்போது u = 1. x = π/2 எனும்போது u = 0. ஆகவே இது −∫ u² du, கீழே 1, மேலே 0. "சின்ன எண்தான் கீழே இருக்கணும்" என்று நீ எல்லைகளை இடம் மாற்றினாய், ஆனால் முன்னால் நிற்கும் கழித்தல் குறியை மாற்றவில்லை. −1/3 வந்தது. சரியான விடை 1/3.

கீழ் எல்லை என்றால் சின்ன எண் என்று பொருள் இல்லை, தொடங்கும் இடம் என்று பொருள். மேல் எல்லை முடியும் இடம். 1-இல் தொடங்கி 0-வில் முடிவதில் ஒரு குற்றமும் இல்லை, அப்படியே விட்டுக் கணக்குப் போடலாம். இடம் மாற்றினால் குறியும் மாறியே தீர வேண்டும்.

உன் தோழி வேறு விதமாகத் தப்பு செய்திருக்கிறாள். எல்லையையே மாற்றாமல் u-வுக்குப் பக்கத்தில் 0, π/2 என்று விட்டிருக்கிறாள். π/2 ஏறத்தாழ 1.57. cos x 1-ஐத் தாண்டவே தாண்டாது, u எப்படி 1.57 வரை போகும்? பிரதியிட்டதும் "x = 0 எனில் u = ?, x = π/2 எனில் u = ?" என்று இரண்டு வரி எழுதிவிட்டு மேலே போகச் சொல்.

நான்காவது, பரப்புக் கணக்கு.

y = x² − 4x + 3 என்ற வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடையே, x = 0 முதல் x = 2 வரை பரப்பு கேட்டார்கள். நீ நேராக 0-விலிருந்து 2 வரை தொகையிட்டு 2/3 என்று எழுதினாய். விடை 2.

உங்க அப்பா வேலை செய்கிற டேனரியில் முடித்த தோலை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டுப் பார். தோல் இயந்திரத்துக்குள் நகர நகர, பட்டை பட்டையாக எவ்வளவு அகலம் இருக்கிறது என்று பார்த்து அது கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் சதுர அடி வரும். கோணல்மாணலான தோலின் பரப்பு அப்படித்தான் கிடைக்கிறது. தொகையிடலும் அதே வேலைதான், ஆனால் ஒரு வித்தியாசம். அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையைத் தொகையிடல் கழித்துவிடும், இயந்திரம் கழிக்காது.

இந்த வளைவரை x = 1-இல் அச்சை வெட்டிக் கீழே இறங்குகிறது. 0 முதல் 1 வரை தொகை 4/3. 1 முதல் 2 வரை −2/3. பரப்பு வேண்டுமானால் இரண்டாவதன் குறியை மாற்றிக் கூட்ட வேண்டும்: 4/3 + 2/3 = 2. ஆகவே பரப்பு என்று பார்த்ததும் முதலில் y = 0 போட்டு, எங்கே வெட்டுகிறது என்று பார். வெட்டும் இடம் எல்லைகளுக்கு நடுவில் இருந்தால் அங்கே பிரி.

அன்புடன்,
தாத்தா

---

கடிதம் அவ்வளவுதான். இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு "டிப்ஸ்" சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: "பரப்பு மைனஸில் வராது. மைனஸ் வந்தால் மாடுலஸ் போட்டு ப்ளஸ் ஆக்கிடு." கேட்க நன்றாக இருக்கிறது. அது செய்கிற அநியாயத்தைப் பாருங்கள். sin x-க்கு 0 முதல் π வரை பரப்பு. பிள்ளை தொகையை cos x என்று தப்பாக எழுதுகிறது. −1 − 1 = −2. மாடுலஸ் போட்டதும் 2. விடை சரி! ஒரு மதிப்பெண் வினாவில் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். தப்பு நம்பிக்கைக்குப் பரிசே கொடுத்துவிட்டோம்.

அதே பிள்ளைக்கு அடுத்து sin x + cos x வருகிறது, 0 முதல் π/2 வரை. சரியான தொகை −cos x + sin x, விடை 2. பிள்ளை பழையபடி cos x + sin x என்று எழுதும். மேல் எல்லையில் 1, கீழ் எல்லையிலும் 1, விடை 0. பூஜ்ஜியத்துக்கு மாடுலஸ் போட்டு என்ன செய்வது? மேலே சொன்ன பரப்புக் கணக்கிலும் பாருங்கள், 2/3 என்பது ப்ளஸாகவே வருகிறது. டிப்ஸை நம்பிய பிள்ளைக்குச் சந்தேகமே வராது. குறி தப்பாக வருவது கணக்கு நமக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி. அந்த மணியின் நாக்கை அறுத்துவிட்டு, மணி அடித்தபோது கவனிக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறோம்.

"சார், பாடத்தை முடிக்கவே நேரமில்லை, ஒவ்வொரு தாளிலும் இப்படிக் காரணம் தேட முடியுமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நாற்பது தாள் திருத்தும் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் காரணம் நாற்பது இல்லை, பெரும்பாலும் இந்த நான்குதான். "கவனக்குறைவு" என்று ஏழு எழுத்து எழுதும் நேரத்தில் "அடைப்புக்குறி" என்று எழுதலாம். "cos 0?" என்று எழுதலாம். "u எல்லை?" என்று எழுதலாம். "எங்கே வெட்டுகிறது?" என்று எழுதலாம். அதைப் படிக்கிற பிள்ளைக்கு நாளை எந்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். "கவனக்குறைவு" என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் தன் மேல் ஒரு குறை இருக்கிறது என்பது மட்டும்தான்.

90 மதிப்பெண் தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 35. அதில் ஒரு பரப்புக் கணக்கில் கடைசி இரண்டு வரி போனால் மதிப்பெண் போகிறது, அது பரவாயில்லை. அந்த இரண்டு வரிக்காக ஒரு பெண் பிள்ளை கணக்கையே விட்டுவிடப் பார்த்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெற்றோருக்கு ஒரே வார்த்தை. போனைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் வீட்டு விவகாரம். விடைத்தாளை வாங்கி, தப்பான கணக்கு ஒவ்வொன்றிலும் தப்பு தொடங்கிய வரியைப் பிள்ளையையே வட்டமிடச் சொல்லுங்கள். வட்டங்கள் ஒரே மாதிரி வரியில் விழுந்தால் அது கவனக்குறைவு அல்ல. அந்தத் தாளோடு ஆசிரியரிடம் போய், "இந்த வரியில் என் பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள்.