பூட்டிய சைக்கிள்

போன இதழுக்கு மெய்ப்புப் பார்த்தபோது ஒன்று நடந்தது. முழுக்க முழுக்கக் கேள்விகளால் ஆன ஒரு கவிதை, மொத்தம் 24 கேள்விகள். தட்டச்சு செய்கையில் இரண்டு கேள்விகள் விடுபட்டுப்போயிருந்தன. நான் இருமுறை படித்தும் கவனிக்கவில்லை. கூட இருந்து மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கும் தெரியவில்லை. எழுதியவருக்கே அனுப்பினோம். சரியாக இருக்கிறது என்று அவரும் பதில் எழுதிவிட்டார். பக்கம் கட்டும்போது ஏன் இடம் மிஞ்சுகிறது என்று கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் 22 என்று தெரிந்தது.

கவிதையை அந்த இதழில் போடவில்லை. இரண்டு வரி போனாலும் தெரியாத கவிதையில் மீதி 22 வரிகளும் எதற்காக இருக்கின்றன என்ற சந்தேகம் வந்துவிட்டது. எழுதியவரை அழைத்து அதையே சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை.

கேள்விக் கவிதைகள் எங்களுக்கு நிறையவே வருகின்றன. காற்றுக்கு முகவரி உண்டா, மௌனத்துக்கு நிறம் உண்டா, நிழல் எப்போது தூங்கும் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் முதல் முறை படிக்கையில் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாவது கேள்வியில் வித்தை பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வாசகர் கவிதையைப் படிப்பதில்லை. அடுத்து எந்தப் பொருளை எந்தப் பொருளோடு முடிச்சுப்போடப்போகிறார் என்றுதான் பார்க்கிறார்.

பள்ளியில் நன்னூலின் ஆறு வினாக்களை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் முதல் இரண்டும் இங்கே உதவும். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. வாத்தியார் மாணவனிடம் கேட்பது அது. தெரியாததால் கேட்பது அறியா வினா. விடையே இல்லாத கேள்விகளைக் கேட்பதாகச் சொல்லிக்கொள்ளும் கவிதைகளில் பெரும்பாலானவை அறிவினாக்களால் ஆனவை. காற்றுக்கு முகவரி இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவருக்கு அந்த விடை தேவையும் இல்லை. கேள்வி மாதிரி உடுத்திக்கொண்ட உவமை அது. விடை சொல்லப்படாமல் இருப்பது அங்கே ஒரு பாவனை மட்டுமே. உண்மையான அறியா வினாவில் விடை வராததற்குக் காரணம் வேறு. பதில் சொல்ல வேண்டியவர் இல்லை, அல்லது இருந்தும் பேச மாட்டார். கேட்பவர் அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்த 24 கேள்விகளில் ஒன்பதாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. அப்பா ஏன் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனார்? அதற்கு முன்னால் நட்சத்திரம் பற்றி ஒரு கேள்வி, பின்னால் மழை பற்றி ஒன்று. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். அவர் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. பதினோரு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு சைக்கிள் நிறுத்தத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்கள், வண்டி அங்கே நிற்கிறது என்று. பூட்டியிருந்தது. சாவி கிடைக்காததால் பூட்டை உடைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம்.

இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அப்பா போய்விட்டார் என்று கவிதை எங்கும் சொல்லவில்லை. சைக்கிளில் போனார், அதை ஓரிடத்தில் நிறுத்தினார், பூட்டினார் என்பதெல்லாம் நடந்து முடிந்த விஷயமாகக் கேள்விக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்பவர் அவற்றைக் கேட்கவில்லை. ‘ஏன்’ ஒன்றைத்தான் கேட்கிறார். பூட்டுகிறவர் திரும்பி வருகிறவர் என்ற நினைப்பும் கூடவே வந்து நின்றுவிடுகிறது. கேள்விகளால் மட்டும் ஒரு கவிதையை எழுத முடிவது இதனால்தான். எதைக் கேட்கிறோம் என்பதைவிட, கேட்காமலே எதை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதில்தான் கதை நகர்கிறது. காற்றுக்கு முகவரி உண்டா என்ற கேள்வி அப்படி எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால்தான் அது விடுபட்டாலும் தெரியவில்லை.

பழைய சீனத்தில் சூ யுவான் எழுதியதாக மரபு சொல்லும் ஒரு நெடுங்கவிதை இருக்கிறது. ‘வானத்திடம் கேள்விகள்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது, ஏறக்குறைய 170 கேள்விகள், விடை என்று எதுவும் கிடையாது. கோயில் சுவர்களில் இருந்த ஓவியங்களைப் பார்த்துக் கேட்டவை என்று ஒரு கதையும் உண்டு. இத்தனை கேள்விகள் எப்படிச் சலிக்காமல் நிற்கின்றன? வானும் மண்ணும் உருவாகும் முன்பிலிருந்து தொடங்கி, பெருவெள்ளம், அதை அடக்கப் போனவர்கள், அடுத்தடுத்து வந்த அரச வம்சங்கள் என்று அது ஒரு வரலாற்றின் வழியே நடந்துபோகிறது. கதைகளை அன்றைய வாசகர்கள் அறிந்திருந்தார்கள். கேள்வி அந்தக் கதைகளின் நியாயத்தைத்தான் உலுக்குகிறது. வரிசையை மாற்றினால் காலமே குழம்பிவிடும்.

பாப்லோ நெருதாவின் ‘கேள்விகளின் புத்தகம்’ இதற்கு நேர் எதிர். அவர் இறந்த மறு ஆண்டு, 1974 இல் வெளிவந்த அந்த நூலில் 74 சிறு கவிதைகள். எந்தப் பக்கத்தையும் திறந்து படிக்கலாம். எனக்கு அதில் மிகப் பிடித்த கேள்விகள் இருக்கின்றன, ஆனாலும் ஒரே மூச்சில் பத்துப் பக்கம் படிக்க முடிந்ததில்லை. நம் இளைஞர்கள் கேள்விக் கவிதை எழுதும்போது பெரும்பாலும் இந்த வழியைத்தான் எடுக்கிறார்கள். இதுதான் இரண்டில் கடினமான வழி. வரிக்கு வரி கற்பனை மட்டுமே தாங்கிப் பிடிக்க வேண்டும், கீழே வேறு எதுவும் இல்லை. பாரதியின் ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ கேள்விகளாகவே போய்க் கடைசியில் தன் விடையைச் சொல்லிவிடுகிறது. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அங்கும் கேட்கும் குரலுக்கு விடை தேவைப்படுகிறது, கெஞ்சுகிற அளவுக்குத் தேவைப்படுகிறது.

ஒன்பதாவது கேள்வியை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள் என்று சொன்னேன். மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். நான்கு முறை மாற்றி எழுதினார். அவர் அனுமதியோடுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஓசை. பழைய வடிவத்தில் 24-இல் 17 கேள்விகள் ‘ஆ’ என்று முடிந்தன. உண்டா, வருமா, தெரியுமா. தமிழில் ஆம், இல்லை என்று பதில் கேட்கிற வினா பெரும்பாலும் இந்த ஆகாரத்தில்தான் போய் விழும். நான்கைந்து தொடர்ந்து வந்தால் செக்கு சுற்றுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அவர் யார், எங்கே, எதற்கு என்று கலந்து, வினாச்சொல்லைச் சில இடங்களில் வரியின் நடுவில் வைத்தார், சில இடங்களில் கடைசியில் வைத்தார். ஓர் இடத்தில் மட்டும் ஓகாரம் வந்தது. தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் ஐயம் அது. சங்கப் பாட்டில் ‘கொல்’ செய்த வேலையை இன்று அந்த ஓகாரம்தான் செய்கிறது.

அடுத்த மாற்றம் அவராகச் செய்தது. ‘அவர் ஏன் பூட்டினார்’ என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தவர், அப்பாவிடமே திரும்பினார். ‘நீங்கள் ஏன் பூட்டினீர்கள்’ என்று எழுதிப் பார்த்தாராம், வினாத்தாள் மாதிரி இருந்ததாம். ‘அன்னைக்கு ஏம்ப்பா பூட்டுனீங்க’ என்று வீட்டில் பேசுவதுபோல மாற்றியதும் மற்ற வரிகள் தாமாக வந்தன என்றார். அந்த ‘ப்பா’ கேள்விச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால் யாரைக் கேட்கிறோம் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

இப்போது அது பதினொரு கேள்விகள். வீட்டு வாசலில் தொடங்கி பஸ் ஏறும் இடம் வரை அந்த ஒரு காலை நேரத்தை வரிசையாகப் பின்தொடர்கின்றன. காத்து கம்மியா இருந்துச்சே, வழியில எங்க அடிச்சீங்க? இந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. திரும்பி வராமல் போகிறவர் எதற்கு நின்று சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும்? அதைக் கவிதை கேட்கவில்லை. நாம் கேட்டுக்கொள்கிறோம். ஸ்டாண்டுல டோக்கன் குடுத்தாங்களே, எந்தப் பையில வச்சீங்க? இவற்றில் ஒன்றை எடுத்தாலும் வழி அறுந்துபோகும். எடுத்துப் பார்த்தேன், அறுந்தது.

கேள்வி இல்லாத வரி ஒன்றே ஒன்று இருக்கிறது. பதினோரு நாள் வாடகையை அம்மா கட்டினாங்க. முதலில் இதைக் கடைசி வரியாக வைத்திருந்தார். அங்கே அது எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து வைத்த விடைபோல ஒலித்தது, கொஞ்சம் கைதட்டலும் எதிர்பார்த்தது. ஆறாவது கேள்விக்குப் பின்னால் தள்ளியதும் அடங்கிவிட்டது. வேறு யாரோ அறைக்குள் வந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதுபோல இருக்கிறது. கேட்கிறவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தொடர்ந்து கேட்கிறார். இதற்குப் பிறகு கடைசியில் இருந்த ‘இப்ப எங்கப்பா இருக்கீங்க’ என்ற வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். மற்ற பத்தும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாகச் சாவி பற்றிய ஒரு கேள்வி வந்தது.

இந்த இதழுக்குப் பக்கம் கட்டி முடித்த பிறகு மறுபடி அழைத்தார். மெய்ப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா கேட்டுவிட்டு, “அவர் வீட்டு வாசல்ல நிறுத்தினாலே பூட்டுவாரே” என்று சொன்னாராம். பழக்கத்தில் பூட்டியது. கவிதையின் நடுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனி அதைத் தெரியாததுபோல எழுதி வைப்பது பொய்யாகாதா என்று கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கவிதையை அடுத்த இதழுக்குத் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை செய்தி அனுப்பியிருந்தார். வரியை எடுக்கவில்லை, புதிதாக எதையும் சேர்க்கவில்லை, முதல் சொல்லை மட்டும் மாற்றியிருந்தார். இந்த இதழில் அது அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

அன்னைக்கும் ஏம்ப்பா பூட்டுனீங்க?